சோறு வைக்கிற இடம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும், சங்கத்தின் சுற்றறிக்கை நகலும், கையால் வரைந்த வளாகப் படமும் வந்து சேர்ந்தன. படத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நாலு பிளாக், அறுபத்து நாலு வீடு, இரண்டு கேட், நாய்கள் படுக்கும் இடங்களுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி என்று ஒன்றையும் விடாமல் குறித்திருக்கிறீர்கள். சுற்றறிக்கையின் தமிழைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தமிழில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்குப் பதிலாக எதை ஒட்டலாம் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். இதே சண்டை வேறு பல குடியிருப்புகளிலும் நடப்பதால், உங்கள் சம்மதத்தோடு பெயர்களையும் பகுதியையும் எடுத்துவிட்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சுற்றறிக்கை சொல்வது இது: ‘இன்று முதல் வளாகத்துக்குள் தெருநாய், பூனைகளுக்கு உணவளிப்பது தடை செய்யப்படுகிறது. மீறுவோருக்கு ரூ.1000 அபராதம்.’ இதை எழுதியவர்களின் கோபம் புரிகிறது. டி பிளாக்கில் மூன்று வயதுக் குழந்தையின் காலில் நாய் கீறியிருக்கிறது. அந்தக் குழந்தையின் அப்பா சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். தட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். நாய்க்குப் பயப்படுகிறவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று பேசுவது நாய்ப் பிரியர்களிடம் இருக்கும் ஒரு கெட்ட பழக்கம். இருட்டில் உறுமலைக் கேட்டுக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டியிருக்கிற பாட்டிக்குக் கருணையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் தடை போட்டால் என்ன ஆகும்? டி பிளாக் நாய்களுக்குச் சோறு வைக்கும் மூன்றாம் மாடி அம்மா அதை நிறுத்த மாட்டார். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் பிடிவாதக்காரர் என்று. இரவு பத்து மணிக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறவர், இனி பன்னிரண்டு மணிக்கு மீட்டர் அறைக்குப் பின்னால் வைப்பார். கார்களுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரோடு தள்ளிவிட்டுப் போவார். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் நாய் தின்று முடிக்கும்வரை நிற்கவும் மாட்டார், மிச்சத்தை எடுக்கவும் மாட்டார். இப்போது உங்களுக்கு இருப்பது ஒரு இடத்துத் தொல்லை. தடை போட்ட பிறகு அது பத்து இடத்துத் தொல்லையாகும், எந்த இடம் எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது.

சட்டமும் உங்கள் சுற்றறிக்கைக்குத் துணை நிற்காது. மத்திய அரசின் விலங்குகள் கருத்தடை விதிகள் 2023-இல் புதிதாக வந்தன. அவற்றில் இருபதாவது விதி, வளாகத்தில் வாழும் விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையிலேயே வைக்கிறது. தடுக்கவும் அபராதம் போடவும் அது அதிகாரம் தரவில்லை. அதே விதி சோறு வைக்கிறவரையும் சும்மா விடவில்லை. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல்கள், மாடிப்படி இவற்றிலிருந்து விலகித்தான் வைக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். வைத்த இடத்தை அசுத்தமாக விடக் கூடாது. சங்கம் இதையொட்டி வகுக்கும் முறைக்குக் கட்டுப்பட வேண்டும். ஆக, அந்த அம்மா மாடிப்படிக்குக் கீழே வைக்கிறாரே, அது விதிமீறல். அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ‘வைக்கவே கூடாது’ என்று தொடங்கினால் அந்த உரிமையை நீங்களே தூக்கி எறிந்தவர்களாகிவிடுவீர்கள்.

உச்ச நீதிமன்றமே நாய்களை அகற்றச் சொல்லிவிட்டது என்று உங்கள் வீட்டுக்காரர் அனுப்பிய செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நாய்களை அகற்றச் சொன்னது பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களிலிருந்து. குடியிருப்புகளுக்குப் பொருந்துவது அதற்கு முன், ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த ஆணை. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்றது அது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றும் சொன்னது. வெறிநோய் கண்ட நாய், அந்தச் சந்தேகத்துக்குரிய நாய், ஆக்ரோஷமான நாய் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. விதியிலும் இந்த ஆணையிலும் அடியோட்டம் ஒன்றுதான்: இடம் குறித்து வைக்க வேண்டும்.

சட்டத்தை இத்தோடு விடுகிறேன். உங்கள் படத்தில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

ஏழு நாய்கள் என்று குறித்திருக்கிறீர்கள். நாலு நாய்கள் முன் கேட் பக்கம், ஏ, பி பிளாக்குகளுக்கு நடுவில். மூன்று நாய்கள் டி பிளாக்கில். நடந்த சம்பவங்களையும் மூன்றாக எழுதியிருக்கிறீர்கள். டியூஷன் முடிந்து வந்த பையனைத் துரத்தியது, டெலிவரி பையன் வண்டியிலிருந்து விழுந்தது, குழந்தைக்குக் கீறல் பட்டது. மூன்றும் டி பிளாக் வாசலில். மூன்றும் இரவு ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில். முன் கேட்டில் பகலெல்லாம் கால் நீட்டிப் படுத்திருக்கும் நாலு நாய்களைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை, வாக்கிங் போகும் பெரியவர் ஒருவருக்கு அவற்றைப் பிடிக்காது என்பதைத் தவிர.

ஏன் இந்த வித்தியாசம்? டி பிளாக் நாய்கள் குணத்தில் பொல்லாதவை என்று உங்கள் தலைவர் சொல்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. சோறு பத்து மணிக்கு வருகிறது. அரை மணி முன்னதாகவே நாய்கள் லிஃப்ட் வாசலில் கூடிவிடுகின்றன. நாய் தான் சாப்பிடும் இடத்தைத் தன் இடமாகக் கருதும், அங்கே வேகமாக வருகிறவரை விரட்டும். பசியோடு காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பதற்றம் இன்னும் கூடுதல். அந்த இடம் இருபது குடும்பங்கள் வீட்டுக்குப் போகும் வழி. அத்தோடு, அந்த மூன்றில் ஒன்று தாய் நாய். சம்பவங்கள் நடந்த வாரங்களில் அது மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருந்தது என்பதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், ஓரத்தில், சின்ன எழுத்தில். குட்டி வைத்திருக்கும் தாய், சோறு வரும் நேரம், குறுகலான வாசல் என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. முன் கேட்டிலோ செக்யூரிட்டி தாத்தா மதியம் தன் சாப்பாடு முடிந்ததும், கேட்டிலிருந்து தள்ளி, வேப்ப மரத்தடியில் வைக்கிறார். தின்றுவிட்டு அவை தூங்கப் போகின்றன.

ஆகவே முதல் வேலை டி பிளாக் சோற்றை வாசலிலிருந்து நகர்த்துவது. எங்கே? பின் கேட்டுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டிகள் இருக்கும் இடத்தைச் சங்கத்தில் சிலர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். காலையில் குப்பை அள்ள வரும் பெண்கள்தான் அங்கே நாய்களிடம் சிக்குவார்கள். சோற்று வாசம் பழகிய நாய் தொட்டியையும் கவிழ்க்கும். ஜெனரேட்டர் பக்கமும் வேண்டாம், அங்கே நிலத்தடித் தொட்டியின் மூடி இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு மேலே எச்சில் சோறு கூடாது. உங்கள் படத்தில் டி பிளாக்கின் பின்புறம், மதில் சுவருக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. பக்கத்தில் தோட்டக் குழாயும் குறித்திருக்கிறீர்கள். அங்கே யாருடைய ஜன்னலும் தாழ்வாக இல்லை, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் இல்லை. அதுதான் சரியான இடம்.

ஏழு நாய்களுக்கும் சேர்த்து ஒரே இடமாக அதை வைத்துவிடலாமே என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கூடாது. முன் கேட் நாலும் டி பிளாக் மூன்றும் தனித்தனிக் கூட்டங்கள். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்றைச் சோற்றைக் காட்டி அழைத்தால் தினமும் சண்டை நடக்கும். நாய்ச் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் மனிதன்தான் மோசமாகக் கடிபடுவான். விதியும் நாய்களின் எண்ணிக்கையையும் எல்லையையும் பார்த்தே இடத்தை முடிவு செய்யச் சொல்கிறது. முன் கேட்டுக்கு வேப்ப மரத்தடியே இருக்கட்டும். டி பிளாக்குக்குப் பின் சந்து.

‘இடம் மாற்றினால் நாய்கள் வராது, பட்டினி கிடக்கும்’ என்று மூன்றாம் மாடி அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஒரே நாளில் மாற்றினால் அவர் சொல்வது நடக்கலாம். அதனால் தட்டைத் தினமும் சில அடி நகர்த்தச் சொல்லுங்கள். முதல் நாள் படிக்கட்டிலிருந்து வாசலுக்கு வெளியே, அடுத்த நாள் தூணுக்கு அப்பால், பிறகு மூலை திரும்பி. பத்துப் பன்னிரண்டு நாளில் சந்துக்குப் போய்விடலாம். நாய் தட்டின் பின்னால் வரும், தட்டைப் பிடித்த கையின் பின்னால் அதைவிட வேகமாக வரும். அந்த நாட்களில் வாசலில் வேறு யாரும் பிஸ்கட் போடக் கூடாது. அதைத்தான் கவனிக்க வேண்டும். டீக்கடைக்குப் போய் வரும் வாலிபர்கள் பாசத்தில் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் போட்டால் நாய் ஏன் சந்துக்கு வரப் போகிறது?

நேரத்தையும் மாற்ற வேண்டும். விடியற்காலையில் வைக்கலாம் என்பார்கள், ஆனால் ஐந்தரைக்கு உங்கள் வளாகத்தில் முதியவர்கள் நடக்கிறார்கள், ஏழு மணிக்கு ஸ்கூல் வேன்கள். பகல் பதினொரு மணி தோதானது. இரவு வேளை வேண்டும் என்று அந்த அம்மா கேட்டால், டியூஷன் பிள்ளைகளும் டெலிவரிக்காரர்களும் ஓய்ந்த பிறகு, பத்தரைக்கு மேல். நேரம் எதுவானாலும் அது நிலையாக இருக்க வேண்டும். நேரம் தெரிந்த நாய் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கும், மற்ற நேரத்தில் வாசலில் நின்று தொல்லை செய்யாது.

எவ்வளவு வைப்பது என்பதை யாரும் பேசுவதில்லை. நம் ஊர் நாட்டு நாய் பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து கிலோ எடைதான் இருக்கும். சோறும் வேகவைத்த கோழியும் கலந்தது நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய அரைக் கிலோ போதும். மூன்று நாய்க்கு ஒன்றரைக் கிலோ. உங்கள் மூன்றாம் மாடி அம்மா பெரிய வாளி நிறையக் கொண்டுவருகிறார் என்றால், மிச்சம் யாருக்குப் போகிறது? பெருச்சாளிக்கு. வளாகத்தில் மண் தோண்டிக் கிடப்பதையும், கார்களில் ஒயர் கடிபடுவதையும் தனிப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே புகார்தான். இரவு முழுக்கக் கிடக்கும் சோற்றுக்கு எலியும் பெருச்சாளியும் வரும். மழைக்காலத்தில் அவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும். சுத்தம் என்ற பேச்சில் நான் பயப்படுவது நாயின் மலத்துக்கு அல்ல, தட்டில் விட்டுப்போன அந்த மூன்று பிடிச் சோற்றுக்கு.

அதனால் முறை இதுதான். நாய்க்கு ஒரு தட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் நாலைந்து அடி இடைவெளி. பலமான நாய்க்கு முதலில் வைத்துவிட்டு அப்புறம் மற்றவற்றுக்கு. வைத்தவர் அங்கேயே நிற்க வேண்டும். இருபது நிமிடத்துக்குள் நாய் தின்றுவிடும், தின்னாததை எடுத்துவிடலாம். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு, குழாயைத் திறந்து தரையைக் கழுவிவிட வேண்டும். பிளாஸ்டிக் கவரும் பேப்பர் தட்டும் வேண்டாம். காற்று அவற்றைக் கால்வாய்க்குள் தள்ளிவிடும். சோற்றில் வெங்காயம் இருக்கக் கூடாது, வேகவைத்த கோழி எலும்பு இருக்கக் கூடாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். நம் வீட்டு மிச்சக் குழம்பு புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்டால் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டி எப்போதும் இருக்கட்டும், கோடையில் கட்டாயம். ஆனால் தினமும் தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, தொட்டியின் சுவரில் முட்டையை ஒட்ட வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். வாரம் ஒருமுறையாவது நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து அந்தச் சிமெண்ட் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சங்கத்தைத்தான் கேட்பார்.

இனி, தடையை நான் எதிர்ப்பதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இரக்கம் ஒரு காரணம்தான். ஆனால் இரக்கமே இல்லாத ஒருவரும் சோறு வைப்பதை ஆதரிக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் சோறு வைக்கிற கை ஒன்று இல்லாமல் நாயைப் பிடிக்க முடியாது. பிடிக்காமல் கருத்தடையும் இல்லை, ஊசியும் இல்லை.

உங்கள் பட்டியலில் நாய்களின் காதைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். முன் கேட் நாலில் மூன்றுக்குக் காது நுனியில் வெட்டு இருக்கிறது. டி பிளாக் மூன்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சின்னதாக வெட்டிவிடுவார்கள். அதாவது உங்கள் சிக்கலின் கரு டி பிளாக்கில் இருக்கும் அந்தத் தாய் நாய். பெட்டை நாய் சராசரியாக வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சுமார் 63 நாளில் குட்டி போடும். அது பருவத்துக்கு வரும்போது அக்கம்பக்கத்து ஆண் நாயெல்லாம் உங்கள் வளாகத்துக்குள் வந்து சண்டை போடும். குட்டி போட்டால் மறுபடி படிக்கட்டு, மறுபடி உறுமல். இப்போது குட்டிகள் பால் மறந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். பால் குடிக்கும் குட்டி இருந்தால் தாயைப் பிடிக்கக் கூடாது, இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது. அடுத்த பருவத்துக்கு முன் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, அதைச் சுற்றறிக்கைச் சண்டையில் செலவழிக்காதீர்கள்.

சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். ‘நாய்த் தொல்லை’ என்று மட்டும் சொல்லாமல், இத்தனை நாய், இன்ன இடம், இன்ன நிறம், இத்தனை பெட்டை, கருத்தடை ஆகவில்லை என்று சொல்லுங்கள். வண்டி வரும் நாளில் மூன்றாம் மாடி அம்மா கீழே இருக்க வேண்டும். அன்று காலைச் சோறு வைக்கக் கூடாது. பசித்த நாய் கூப்பிட்டதும் வரும், மயக்க மருந்துக்கும் வெறும் வயிறுதான் நல்லது. வலையோடு ஓடி வரும் அந்நியரைப் பார்த்தால் மூன்று நாயும் மதில் தாண்டிவிடும். தினம் சோறு போடும் கை கழுத்தில் கயிற்றைப் போட்டால் நின்றுகொண்டிருக்கும். ‘என் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன்’ என்று அவர் அழக்கூடும். அறுவை முடிந்து, புண் ஆறியதும் அதே வளாகத்தில் கொண்டுவந்து விட வேண்டும் என்பதும் விதிதான் என்று சொல்லுங்கள். பிடித்த தேதியையும் வண்டி விவரத்தையும் எழுதி வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட்டால் என்ன என்று தலைவர் கேட்கிறார். இடம் காலியானால் அடுத்த தெரு நாய் வரும், அதற்கு உங்கள் வளாகத்து மனிதர்களைத் தெரியாது. சென்னைக்கு இது பழைய பாடம். மாநகராட்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, நாய்கள் குறையவில்லை. 1960-களிலேயே கருத்தடையைப் பரிந்துரைத்துவந்த புளூ கிராஸ் அமைப்பின் யோசனையை, 1996-இல்தான் மாநகராட்சி கையில் எடுத்தது.

காது வெட்டைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது கருத்தடையின் அடையாளம் மட்டுமே. அன்று போட்ட வெறிநோய் ஊசியின் காவல் ஆயுள் முழுக்க இருக்காது, ஆண்டுதோறும் போட வேண்டும். முன் கேட்டின் மூன்று நாய்களுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாய்க்கு ஒரு பக்கம். நிறம், ஆணா பெண்ணா, காது வெட்டு, ஊசித் தேதி, ஏதாவது சம்பவம் நடந்திருந்தால் அதுவும். எங்கள் குடியிருப்பில் அந்த நோட்டு செக்யூரிட்டி மேசையில், பார்வையாளர் பதிவேட்டுக்குக் கீழே இருக்கிறது. சங்கத்தின் பணத்தைச் செலவழிக்க வேண்டியது இந்த ஊசிக்குத்தான். சோற்றுக்கு அல்ல. நாய் பிடிக்காதவர்களின் பராமரிப்புப் பணத்தில் கோழி வாங்குவது நியாயமில்லை, ஆனால் ஊசி அவர்களையும் சேர்த்துக் காப்பது.

அந்தக் குழந்தை விஷயம் என்னை உறுத்துகிறது. ‘லேசான கீறல்தான், மஞ்சள் வைத்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு, ஊசி போட்டார்களா என்று அந்த அப்பாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள். இத்தனை நாள் ஆகியிருந்தாலும், போடவில்லை என்றால் இன்றே போக வேண்டும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் அதோடு புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்வார். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் முறையென்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். கடி பட்டதும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், கட்டு எதுவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று யாராவது சமாதானம் சொன்னாலும், மனிதருக்குப் போட வேண்டியதைத் தள்ளிப் போடக் கூடாது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். இதற்கும் சோறு வைக்கிற கைதான் வேண்டும். கம்பால் அடித்து விரட்டிய நாயை எங்கே போய்க் கவனிப்பது? நோய் கண்ட நாயைத் தினமும் பார்க்கிறவரால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். வழக்கமாக வரும் நாய் இருட்டில் ஒதுங்கும், தெரிந்தவரையே கடிக்க வரும், குரல் மாறும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், கல்லையும் கட்டையையும் கடிக்கும். வெறிநாய் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்று நம்பிக் கிண்ணத்தை நீட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் பயம் மனிதரில் தெரிகிற அறிகுறி, நாயில் அப்படி இருக்க வேண்டியதில்லை. இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் கிட்டே போகாமல் 1913.

நான் சொல்கிற ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. டி பிளாக்கின் செம்பழுப்பு ஆண் நாய், சோற்று நேரம் இல்லாதபோதும், யாரும் சீண்டாமலே இரண்டு பேரைக் கவ்வப் பார்த்தது என்றால், இடம் மாற்றுவதும் நேரம் மாற்றுவதும் அதற்கு மருந்தாகாது. அதை மாநகராட்சிக் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், அவர் முடிவை அந்த அம்மாவும் ஏற்க வேண்டும். ஒரு நாய்க்காகப் பிடிவாதம் பிடித்தால் ஆறு நாயும் வெளியே போகும் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இடம் பற்றி இரு தரப்பும் ஒத்துவரவே இல்லை என்றால், கால்நடை அதிகாரி, காவல்துறை, விலங்கு நல அமைப்பு, சங்கம், புகார் செய்தவர் எல்லோரும் உட்காரும் குழுவுக்குப் போக விதியில் வழி இருக்கிறது. உணவிடம் பற்றி அவர்கள் சொல்வதே முடிவு. அதுவரை போகாமல் முடிப்பது நல்லது.

பூனைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சி பிளாக் பூனைகளுக்குப் பால் வைக்க வேண்டாம், வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகி அது படிக்கட்டில்தான் முடியும். தயிர்ச்சோற்றிலும் அதற்குச் சத்து இல்லை, மீனோ கோழியோ வேண்டும். நாய்க்கு எட்டாத உயரத்தில், குட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு அதையும் எடுத்துவிடுங்கள்.

இனி நீங்கள் ஒட்ட வேண்டிய கடிதம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘குடியிருப்போருக்கு வணக்கம். நம் வளாகத்து நாய்களுக்கு இனி இரண்டு இடங்களில் மட்டும் உணவு வைக்கப்படும்: முன் கேட் வேப்ப மரத்தடி, டி பிளாக் பின்புறச் சந்து. நேரம் பகல் 11 மணி, இரவு 10.30 மணி. அந்த நேரம் தொடங்கி இருபது நிமிடம் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். வாசல், படிக்கட்டு, லிஃப்ட் அருகே பிஸ்கட் உட்பட எதையும் யாரும் போட வேண்டாம், மாடியிலிருந்து எறியவும் வேண்டாம். உணவு வைப்பவர் உடன் நின்று, தட்டை எடுத்து, இடத்தைக் கழுவிவிடுவார். கழுவாமல் விட்டால் செக்யூரிட்டி நோட்டில் எழுதுங்கள், அன்றே பேசுவோம். கருத்தடை ஆகாத நாலு நாய்களுக்கும் மாநகராட்சியிடம் பதிவு செய்கிறோம். எல்லா நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் சங்கச் செலவில் போடப்படும். நாய் துரத்தினாலோ கடித்தாலோ இடம், நேரம், நிறம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கல் எறிய வேண்டாம். மூன்று மாதம் கழித்து நோட்டை வைத்துக்கொண்டு கூடிப் பேசி, இடமோ நேரமோ மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வோம்.’

அடியில் தலைவர், செயலாளர் கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்றாம் மாடி அம்மாவும், குழந்தையின் அப்பாவும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட்டால் கழுவும் பொறுப்பு அவருடையதாகிவிடும். அப்பாவிடம் கேட்கும்போது, மூன்று மாதக் கெடுவைக் காட்டிக் கேளுங்கள்; நாய்களைப் பிடிக்கும் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்த பிறகு பேசலாம் என்று ஒப்புக்கொண்டால் போதும். அவர் மறுத்தால் அவர் இடத்தைக் காலியாக விட்டே ஒட்டுங்கள். 1913-க்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே பேசிவிடுங்கள்.

அன்புடன்,
இன்னொரு வளாகத்தில் நோட்டு எழுதுகிறவள்